புண் இல்லாத வயிறு

கையில் ரிப்போர்ட். கண்ணில் நீர். குப்பத்திலிருந்து ராமகுப்பம் திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்தில் கணவருக்கோ நிம்மதி. "எண்டோஸ்கோபி நார்மல்னு போட்டிருக்கு. உனக்கு ஒண்ணுமில்ல." அந்த 'ஒண்ணுமில்ல'தான் அவளைக் குத்தியது. "அப்போ எட்டு மாசமா நான் பொய்யா சொல்றேன்?"

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், தமிழக, கர்நாடக எல்லைகளை ஒட்டிய பகுதி ராமகுப்பம். தெலுங்கும் தமிழும் ஒரே வீட்டில் புழங்கும் ஊர். அவள் வீட்டில் மல்பெரித் தோட்டம், பட்டுப்புழு வளர்ப்பு. வயது 38. மூன்று கவளம் களி இறங்கியதுமே வயிறு நிறைந்துவிடும். நெஞ்சுக்குழியில் கல் வைத்தாற்போல் ஒரு கனம், பிறகு ஏப்பம், சில நாள் எரிச்சல். புழுக்கள் கடைசிப் பருவத்தில் ராப்பகலாய் இலை தின்னும் ஒரு வாரம், அவளால் ஒருவேளை நிம்மதியாகச் சாப்பிட முடியாது.

மருந்து வீட்டிலேயே கிடைத்தது. உபயம், அண்ணன். கிரானைட் பட்டறையில் வேலை செய்யும் அவர் தனக்கு எழுதிக் கொடுத்த பான்டோப்ரசோல் அட்டையை நீட்டினார். "எனக்குக் கேட்ட மாத்திரை, உனக்கும் கேக்கும்மா." கேட்கவில்லை. இரண்டு மாதம் தின்றும் கனம் இம்மியும் குறையவில்லை.

அண்ணனின் கதை வேறு. முதுகுவலிக்காகக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தவர். இரவு இரண்டு மணிக்கு வயிறு வலித்து எழுவார். இரண்டு பிஸ்கட், ஒரு டம்ளர் பால், வலி அடங்கும். 'கேஸ்' என்று விட்டுவிட்டார். ஒருநாள் காலை மலம் தார் போலக் கறுப்பாகப் போனது, எழுந்ததும் தலை சுற்றியது. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. எண்டோஸ்கோபியில் சிறுகுடலின் முதல் பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குழி. டியோடினல் அல்சர். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் இருந்தது.

மிளகாயும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று நம் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982-ல் இந்தக் கிருமியைப் பிடித்தார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் கிருமியைத் தானே குடித்து, தன் இரைப்பை அழன்றுபோவதைக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புண்ணை உண்டாக்கும் பெரும் குற்றவாளிகள் இரண்டே: இந்தக் கிருமி, வலி மாத்திரை. அண்ணனுக்கு இரண்டும் இருந்தன.

தங்கைக்கு? மறுமுறை போனபோது குடல் நோய் நிபுணர் முதலில் கேட்டது ரிப்போர்ட்டை அல்ல. "டெஸ்டுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டீங்கம்மா?" அண்ணன் கொடுத்த அட்டை வெளியே வந்தது. முதல் நாள் வரை சாப்பிட்டிருக்கிறாள். அங்கேதான் சிக்கல். அமிலத்தை அடக்கும் மாத்திரை, இருந்த புண்ணை ஆற்றிவிட்டிருக்கலாம். கிருமியையும் அடங்கிக் கிடக்கச் செய்து, சோதனையில் 'இல்லை' என்று காட்டிவிடலாம். ஆகவே இரண்டு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு மலத்தில் கிருமிச் சோதனை. கிருமி இல்லை. இன்னொரு சாட்சியும் இருந்தது. புண் இருந்து ஆறியிருந்தால் தொல்லையும் குறைந்திருக்க வேண்டும். இவளுக்கோ மாத்திரை தின்ற இரண்டு மாதமும் அதே கனம்.

"அப்போ எனக்கு என்னதான் சார்?"

மருத்துவர் பஸ்ஸை உதாரணம் காட்டினார். டெப்போவில் காலியாக நிற்கும் பஸ்ஸில் ஏறி சீட்டு கிழிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். காலை எட்டு மணிக் கூட்டத்தில் அது எப்படி ஓடுகிறது என்று தெரியாது. எண்டோஸ்கோபியும் அப்படித்தான். ஆறேழு மணி நேரம் பட்டினி போட்ட வெறும் வயிற்றில், காற்றை ஊதி, சில நிமிடங்கள் உட்சுவரைப் பார்க்கும் கேமரா அது. புண், கட்டி, அழற்சி தெரியும். சோறு விழுந்ததும் நடப்பது தெரியாது.

சாப்பிட ஆரம்பித்ததும் இரைப்பையின் மேல்பாகம் தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அது தளர்வதில்லை. அதனால்தான் மூன்று கவளத்தில் நிறைவு. சிலருக்கு இரைப்பை உணவை மெதுவாகவே கீழே தள்ளுகிறது. இன்னும் சிலருக்கு வயிற்று நரம்புகள் கூர்மையாகிவிடுகின்றன. மற்றவர்கள் உணராத சாதாரண விரிவே அவர்களுக்கு வலி. இதற்குப் பெயர் ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா. உறுப்பில் புண் இல்லை, அது வேலை செய்யும் விதத்தில் கோளாறு. அஜீரணத் தொல்லைக்காக எண்டோஸ்கோபி செய்துகொள்பவர்களில் பெரும்பாலோருக்குப் புண்ணே இருப்பதில்லை. நார்மல் ரிப்போர்ட் 'நோயே இல்லை' என்று சொல்வதில்லை. 'இது வேறு நோய்' என்று சொல்கிறது.

நோய் வேறென்றால் வைத்தியமும் வேறு. அண்ணனுக்கு இலக்கு தெளிவு: கிருமியைக் கொல், புண்ணை ஆற்று. பதினான்கு நாள், நான்கு மருந்து: அமிலம் அடக்கி, பிஸ்மத், இரண்டு ஆன்டிபயாட்டிக். நடுவில் வாய் கசந்தது, நாக்கு கறுத்தது. பிஸ்மத்தால் மலமும் கறுக்கும், பயம் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்பதால் விடவில்லை. வலி மாத்திரைக்குப் பதில் பாராசிட்டமால். அமில மாத்திரை எட்டு வாரம். அதை நிறுத்தி இரண்டு வாரம் கழித்து மறுசோதனை. கிருமி போயிருந்தது. கதை முடிந்தது.

தங்கைக்கு அப்படி ஒரே நாளில் முற்றுப்புள்ளி இல்லை. அமில மாத்திரை இவளைப் போன்றவர்கள் சிலருக்கு உதவும். நாலைந்து வாரத்தில் உதவாவிட்டால் தொடர்ந்து தின்பதில் பயனில்லை. ஆகவே அது நின்றது. மூன்று வேளைச் சாப்பாடு ஐந்து சிறு வேளையாயிற்று. எண்ணெய்ப் பலகாரம் குறைந்தது, ஏனெனில் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். வயிறு தளரவும் உணவு நகரவும் உதவும் அகோடியமைடு மாத்திரை சாப்பாட்டுக்கு முன் மூன்று வேளை. ஒரு மாதத்தில் கனம் பாதியானது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

அதற்கு இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துச் சிரித்தார்: "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறது." அன்றே நிறுத்திவிட்டாள். மறுபடி அழுகை. மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மனச்சோர்வுக்கு இதைத் தரும் அளவு பல மடங்கு அதிகம். இந்தச் சிறு அளவு வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் வலிச் செய்தியின் சத்தத்தைக் குறைக்கத்தான். பலன் தெரியச் சில வாரம் ஆகும். வாய் வறளும், காலையில் கொஞ்சம் தூக்கம் அழுத்தும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொன்னார். உடல் எடை காரணமின்றி இறங்கினால், விழுங்கும்போது அடைத்தால், ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ வந்தால், ரத்தசோகை தெரிந்தால் பழைய நார்மல் ரிப்போர்ட்டை நம்பி உட்காரக் கூடாது. நடுவயதுக்கு மேல் புதிதாக அஜீரணம் தொடங்கினாலும் அப்படியே.

அடுத்த புழு வளர்ப்பின் கடைசி வாரத்தில் வயிறு மீண்டும் முறுக்கியது. முன்பு போல் பயமில்லை. தட்டில் களியைப் பாதியாக எடுத்து வைத்தாள். கணவர் பார்த்தார், "ஒண்ணுமில்ல" என்று சொல்லவில்லை. மீதியைப் பாத்திரத்தில் மூடி வைத்தார். "ரெண்டு மணி நேரம் கழிச்சு சாப்புடு. இலை நான் போடறேன்."