1986-ல் ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு இன்று என் பதில்

பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் நம் பழைய பிளஸ் டூ பிள்ளைகள் ஒன்றுகூடினார்கள். எனக்குச் சால்வை போட்டுவிட்டு ஒரு மாணவி காதருகே வந்து, "சார், செர்னோபில் பத்தி நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

1986 ஜூலை. செர்னோபில் நான்காம் உலை வெடித்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அணுக்கரு இயற்பியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தணிப்பான், குளிர்விப்பான், கட்டுப்படுத்தும் கழி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "ரஷ்யாவில் தண்ணீர் ஆவியாகிப்போச்சு, அதனால உலை வெடிச்சுது" என்றேன். அவள் எழுந்தாள். "சார், தண்ணி நியூட்ரானோட வேகத்தைக் குறைக்கும், அதனாலதான் வினை நடக்குதுன்னு நேத்து சொன்னீங்க. அப்போ தண்ணி ஆவியானா வினை நிக்கணும். எப்படி சார் கூடும்?"

எனக்குத் தெரியவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்காரும்மா" என்றேன்.

அம்மா, உன் கேள்விக்கு இதோ பதில்.

யுரேனியம் பிளக்கும்போது வெளிவரும் நியூட்ரான் அதிவேகமாக ஓடும். அந்த வேகத்தில் போனால் அடுத்த யுரேனிய அணுவைப் பிளக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அதனால் வேகத்தைக் குறைக்க ஒரு பொருள் வேண்டும். அதுதான் தணிப்பான். பெரும்பாலான நாடுகளின் உலைகளில் சாதாரணத் தண்ணீரே தணிப்பானாகவும் குளிர்விப்பானாகவும் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஆவியானால் தணிப்பான் போய்விடும், வினை தானாகவே தளர்ந்துவிடும். நீ சொன்னது அப்படிப்பட்ட உலைக்கு நூற்றுக்கு நூறு சரி.

ஆனால் செர்னோபிலில் இருந்தது ஆர்பிஎம்கே என்ற வகை. அதில் வேகத்தைக் குறைக்கும் வேலையைச் செய்தது கிராஃபைட். சுமார் 1,700 டன் கிராஃபைட் கட்டிகளை அடுக்கி, அதன் நடுவே 1,661 குழாய்களைச் செங்குத்தாகச் செருகியிருந்தார்கள். குழாய்க்குள் எரிபொருள், அதைச் சுற்றித் தண்ணீர். இங்கே தண்ணீரின் வேலை சூட்டை எடுத்துப்போவது மட்டும்தான். தணிக்கும் வேலைக்குக் கிராஃபைட்டே போதும், போதுமானதற்கும் அதிகம்.

தண்ணீருக்கு இன்னொரு குணம் உண்டு. அது நியூட்ரானை விழுங்கும். வகுப்பில் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். தண்ணீர் தணிப்பானாக இருக்கும் உலையில் இந்தக் குணம் பின்னால் போய்விடும். கிராஃபைட் உலையிலோ இதுதான் முன்னால் வரும். அங்கே தண்ணீர், உலையோடு போகும் ஒரு சிறு பிரேக். கொதித்துக் குமிழியானால் அந்த இடத்தில் விழுங்குவதற்குத் தண்ணீர் இல்லை. மிச்சமான நியூட்ரான்கள் கிராஃபைட்டில் வேகம் குறைந்து, திரும்பி வந்து யுரேனியத்தைப் பிளக்கும். சூடு கூடும். சூடு கூடினால் இன்னும் குமிழி, இன்னும் சூடு.

குமிழி கூடும்போது தொடர்வினை எவ்வளவு கூடுகிறது அல்லது குறைகிறது என்று சொல்லும் எண்தான் வெற்றிடக் கெழு. வெற்றிடம் என்றால் இங்கே நீராவிக் குமிழி. எண் எதிர்க்குறியாக இருந்தால் உலை தன்னைத்தானே அடக்கிக்கொள்ளும். நேர்க்குறியாக இருந்தால் தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும்.

நேர்க்குறி என்றாலே வெடிக்குமா? இல்லை. அளவைப் பார்க்க வேண்டும். பிளவில் வரும் ஆயிரம் நியூட்ரான்களில் ஐந்தாறு மட்டும் சில நொடிகள் தாமதித்து வரும். அந்தச் சோம்பேறிகள்தான் நம்மைக் காப்பாற்றுகின்றன. அவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியிருப்பதால்தான் உலையின் திறன் நிதானமாக ஏறுகிறது, மனிதனால் கழியை நகர்த்த முடிகிறது. இந்தத் தாமதப் பங்கைப் பீட்டா என்பார்கள். உபரி வினை ஒரு பீட்டாவைத் தாண்டிவிட்டால் சோம்பேறிகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. நொடிக்கும் குறைவான நேரத்தில் திறன் பல மடங்காகும். செர்னோபிலில் அந்த இரவு இருந்த நிலையில், தண்ணீர் முழுவதும் ஆவியானால் கூடக்கூடிய வினை நான்கு முதல் ஐந்து பீட்டா. ஒன்று தாண்டினாலே ஆபத்து.

எண் அவ்வளவு பெரிதாகியதற்கு அந்த உலை இயக்கப்பட்ட விதமும் ஒரு காரணம். ஏப்ரல் 26 அதிகாலை ஒரு சோதனைக்குத் தயாரானார்கள். மின்சாரம் நின்றுபோனால், ஓய்ந்து சுழலும் டர்பைன் சிறிது நேரம் பம்புகளை ஓட்டுமா என்று பார்க்கும் சோதனை. உலையின் முழு வெப்பத் திறன் 3,200 மெகாவாட். சோதனைக்குத் திட்டமிட்டது 700. இறக்கும்போது திறன் கிட்டத்தட்ட 30-க்குச் சரிந்துவிட்டது. செனான் என்ற நியூட்ரான் விழுங்கி உள்ளே சேர்ந்துகொண்டதால், மறுபடி தூக்கக் கழிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து 200-ல் நிறுத்தினார்கள். உள்ளே குறைந்தது 15 கழிக்குச் சமமான கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்பது விதி. அப்போது இருந்தது 8 கழிக்குச் சமம். கழிகள் வெளியே போகப்போக, நியூட்ரானை விழுங்கும் பொறுப்பில் தண்ணீரின் பங்கு பெரிதாகும். அந்தத் தண்ணீரும் போனால் விளைவும் பெரிதாகும்.

குறைந்த திறன்தானே, அது பாதுகாப்பு இல்லையா என்று தோன்றும். இங்கேதான் ஒரு கணக்கு. பழைய பிள்ளைகள் பென்சில் எடுக்கலாம். அந்த உலையின் அழுத்தம் ஏறக்குறைய 70 வளிமண்டலம். அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் சுமார் 20 பங்கு இடம் பிடிக்கும். நீரும் ஆவியும் ஒரே வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். முழுத் திறனில் குழாயின் மேல்முனையில் எடையில் சுமார் 14 சதவீதம் ஆவி. கணக்குப் போட்டால் இடத்தில் அது 76 சதவீதம். ஆவி இன்னும் ஒரு சதவீதம் கூடினால் இடம் 78-ஐ ஒட்டிப் போகும். வித்தியாசம் ஒன்றரை சதவீதம்தான். ஆனால் ஆவியே இல்லாத குழாயில் ஒரு சதவீதம் ஆவி உண்டானால் அது 17 சதவீத இடத்தைப் பிடித்துவிடும். அதே ஒரு சதவீதம்தான், ஆனால் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அந்த இரவு எட்டு பம்புகளும் ஓடின. திறனோ குறைவு. அதனால் குழாய்கள் நிறைய தண்ணீர், அதுவும் கொதிநிலையின் விளிம்பில். இழப்பதற்கு அவ்வளவும் மிச்சம் இருந்தது. மேலும், அதிகத் திறனில் எரிபொருள் நன்கு சூடாகும்போது நியூட்ரான்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வினையை அடக்கும். அங்கே அது குமிழியை ஈடுகட்டிவிடும். குறைந்த திறனில் குமிழியின் கைதான் ஓங்கும். உலை அமைதியாக இருப்பதுபோலத் தெரிந்த நிலையே அதன் மிக ஆபத்தான நிலை.

1 மணி 23 நிமிடம் 4 நொடிக்கு டர்பைனுக்குப் போகும் ஆவியை அடைத்தார்கள். டர்பைனோடு இணைத்த நான்கு பம்புகள் மெல்ல ஓய்ந்தன, குழாய்களில் ஓட்டம் குறைந்தது. 36 நொடி கழித்து, எல்லாக் கழிகளையும் உள்ளே இறக்கும் அவசரப் பொத்தானை அழுத்தினார்கள். சில நொடிகளில் உலை வெடித்தது.

நிறுத்தும் பொத்தான் ஏன் நிறுத்தவில்லை? அதற்கும் பதில் அதே தண்ணீர்தான். கழியின் கீழே 4.5 மீட்டர் நீளத்துக்குக் கிராஃபைட் துண்டு தொங்கும். கழி முழுவதும் மேலே இருக்கும்போது அந்தத் துண்டு 7 மீட்டர் உயர உலையின் நடுவே நிற்கும். அதன் கீழே 1.25 மீட்டருக்குத் தண்ணீர். கழி இறங்கும்போது கிராஃபைட் முதலில் அந்தத் தண்ணீரைத் தள்ளிவிடும். விழுங்கியது போய் விழுங்காதது வந்துவிடும். ஆகவே உலையின் அடிப்பகுதியில் வினை முதலில் கூடும். கழி முழுவதும் இறங்கப் பதினெட்டு நொடி ஆகும். உலை அத்தனை நொடி காத்திருக்கவில்லை. குமிழி முதலில் தொடங்கியதா, கழியின் முனை முதலில் தூண்டியதா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் இரண்டும் ஒரே பலவீனத்தின் இரு முகங்கள்: தண்ணீர் விலகினால் வினை கூடும்.

ஆகஸ்ட் 1986-ல் சோவியத் நிபுணர்கள் வியன்னாவில் விளக்கம் அளித்தபோது பழி பெரும்பாலும் இயக்கியவர்கள் மேல் விழுந்தது. 1992-ல் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு அதைத் திருத்தி, வடிவமைப்பின் குறையை முன்னால் வைத்தது. கழிமுனையின் இந்தக் குணம் 1983-லேயே லித்துவேனியாவின் இக்னாலினா உலையில் தெரிந்திருந்தது. ஆனால் அந்த இரவு பொத்தானை அழுத்தியவர்களுக்கு அது சொல்லப்படவில்லை.

பிறகு மற்ற ஆர்பிஎம்கே உலைகளைத் திருத்தினார்கள். உள்ளே நிலையான நியூட்ரான் விழுங்கிகளைச் சேர்த்தார்கள். அதனால் குறையும் வினையை ஈடுகட்ட, எரிபொருளின் செறிவை 2-லிருந்து 2.4 சதவீதமாக்கினார்கள். விழுங்கும் வேலை தண்ணீரிடமிருந்து கைமாறியது. நான்கு ஐந்து பீட்டாவாக இருந்த எண் ஒன்றுக்குக் கீழே வந்தது. கழி இறங்கும் நேரமும் 12 நொடியாகக் குறைந்தது.

கல்பாக்கம் பக்கம் குடியிருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பீர்கள். கூடங்குளத்தில் தண்ணீரே தணிப்பான், அங்கே குமிழி வந்தால் வினை தளரும். கல்பாக்கத்தின் கன நீர் உலைகளில் குளிர்விக்கும் நீரும் தணிக்கும் நீரும் தனித்தனி, அதனால் அங்கே இந்தக் கெழு நேர்க்குறிதான். அதனால்தான் அந்த வகை உலைகளில், குமிழி பெருகுவதற்கு முன்னால் வினையை நிறுத்தும் விரைவான அமைப்பு தவிர்க்க முடியாத தேவை. குறியை மட்டும் கேட்டால் போதாது. எவ்வளவு, எந்த நிலையில், நிறுத்த எத்தனை நொடி என்றும் கேட்க வேண்டும்.

அம்மா, நீ கேட்ட மாதத்தில் அந்த வியன்னா விளக்கம்கூட வெளிவரவில்லை. எனக்குத் தெரியாமல் இருந்ததில் தவறில்லை. "தெரியாது, தேடிச் சொல்றேன்" என்று சொல்லாததுதான் தவறு. உன் கேள்வி சரியான கேள்வி. இதில் ஏதாவது புரியவில்லை என்றால் கீழே கேள். இந்தத் தடவை உட்காரச் சொல்ல மாட்டேன்.