மற்றவள்

சிமோன் தெ பொவாரின் 'இரண்டாம் பாலினம்' (1949) நூலை ஓய்வுபெற்ற பிறகுதான் படித்தேன். பெண் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறாள் என்ற அதன் வாதம் பலருக்கும் தெரியும். என்னை நிறுத்தியது இன்னொன்று. பக்கத்து ஊர்க்காரனை நாம் அந்நியன் என்போம். அங்கே போனால் நாம்தான் அந்நியர். கணக்கு நேராகிவிடும். ஆண், பெண் விஷயத்தில் மட்டும் அது நேராவதில்லை. ஆண் தன்னையே மனிதன் என்று வைத்துக்கொள்கிறான். அவள் எப்போதும் 'மற்றவள்' என்கிறார் பொவார்.

அலுவலகத்தில் முப்பது வருடம் படிவம் சரிபார்த்தவன் நான். பெண்ணுக்கு 'தந்தை / கணவர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. ஆணிடம் மனைவி பெயரைக் கேட்ட கட்டத்தை நான் பார்த்ததில்லை. கல்யாணமான வாரமே என் மனைவியின் இனிஷியலை மாற்றி எழுதிக் கொடுத்தேன். அவளைக் கேட்கவில்லை.

போன வாரம்தான் கேட்டேன்.

"அப்பா பேரு போச்சேன்னு அன்னைக்கு ராத்திரி அழுதேன். நீங்க தூங்கிட்டீங்க" என்றாள்.