எண்ணிப் பார்த்தவளின் விடை

அந்த விடைக்குறிப்பில் 27 என்று எழுதியவன் நான்தான். எம்.எஸ்சி. முதலாண்டுக்கான உள்மதிப்பீட்டுத் தேர்வு அது. 0, 1, 2 என்ற மூன்றே உறுப்புகள் கொண்ட புலத்தில், அதாவது 3-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டிப் பெருக்கும் F₃-இல், அணிக்கோவை 1 ஆக உள்ள 2×2 அணிகள் எத்தனை என்று கேட்டிருந்தேன். SL₂(F₃) என்ற குலத்தின் அளவைத்தான் கேட்டேன்.

அணியில் நான்கு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள். ஆக மொத்தம் 81 அணிகள். அணிக்கோவைக்கு மதிப்புகள் மூன்று. 81-ஐ மூன்றால் வகுத்தால் 27. இவ்வளவுதான் நான் யோசித்தது.

ஒரு மாணவி 24 என்று எழுதியிருந்தாள். சுருக்கு வழி எதுவும் இல்லை. அணியின் உறுப்புகளை a, b, c, d என்று வைத்துக்கொண்டு, இரண்டு உறுப்புகளின் பெருக்கல் 0 ஆக 5 வழி, 1 ஆக 2 வழி, 2 ஆக 2 வழி என்று முதலில் எழுதியிருந்தாள். பிறகு ad − bc = 1 வருவதற்கான வழிகளைக் கூட்டியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையால் கோடு போட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று அவள் என் மேசைக்கு வந்தாள். “சார், ரெண்டு தடவை எண்ணிட்டேன் சார். 24தான் வருது” என்றாள். “எங்கேயோ மூணு விட்டிருப்பேம்மா, போய்ப் பாரு” என்றேன். அவள் காட்டிய பக்கத்தை நான் வாங்கிக்கூடப் படிக்கவில்லை. தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சில வாரங்கள் கழித்து, இன்னொரு வகுப்பில் லக்ராஞ்ச் தேற்றத்துக்கு எடுத்துக்காட்டுகள் போட்டுக்கொண்டிருந்தேன். முடிவுறு குலத்தில் எந்த உறுப்பின் வரிசையும் குலத்தின் அளவை மீதியில்லாமல் வகுக்கும் என்பது அந்தத் தேற்றம் தரும் விளைவு. SL₂(F₃)-ஐயே எடுத்துக்கொள்வோம் என்று, மூலைவிட்டத்தில் இரண்டு 2-களும் மற்ற இடங்களில் 0-வும் உள்ள அணியைப் பலகையில் எழுதினேன். அணிக்கோவை 4, அதாவது 1. எனவே அது உள்ளே இருக்கிறது. அதை அதாலேயே பெருக்கினால் அலகு அணி வருகிறது. எனவே வரிசை 2. அப்படியானால் 2 குலத்தின் அளவை வகுக்க வேண்டும். அளவு என்று எழுதப் போன கை நின்றுவிட்டது. 27 ஒற்றைப்படை எண்.

பலகையின் ஓரத்தில் அவள் எண்ணிய மாதிரியே எண்ணினேன். ad = 1, bc = 0 என்றால் 2 × 5 = 10. ad = 0, bc = 2 என்றால் 5 × 2 = 10. ad = 2, bc = 1 என்றால் 2 × 2 = 4. மொத்தம் 24. அணிக்கோவை 2 ஆக உள்ளவையும் 24. பூச்சியமாக உள்ளவை 25 + 4 + 4 = 33. நான் சரிசமம் என்று நினைத்த மூன்று பங்குகள் 33, 24, 24 என்று நின்றன.

சமப் பங்கு எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அது பெருக்கலிலிருந்து வருகிறது. அணிக்கோவை 1 உள்ள ஒவ்வோர் அணியின் முதல் நிரையையும் 2-ஆல் பெருக்கினால் அணிக்கோவை 2 ஆகிறது. இன்னொரு முறை பெருக்கினால் பழைய அணியே திரும்பக் கிடைக்கிறது. அதனால் அந்த இரண்டு கூட்டங்களும் ஒரே அளவு. பூச்சியத்தால் பெருக்கினால் திரும்பி வர வழியில்லை. அந்தக் கூட்டம் இந்தக் கணக்கில் சேராது. அணிக்கோவை என்ற செயலொப்புமை புறப்படும் இடம் எல்லா அணிகளும் அல்ல, நேர்மாறு உள்ள அணிகளின் குலமான GL₂(F₃) மட்டுமே. முதல் நிரலுக்குப் பூச்சிய நிரலை விட்டு 8 வாய்ப்புகள். இரண்டாம் நிரல் முதலாவதன் மடங்காக இருக்கக் கூடாது என்பதால் 9 − 3 = 6 வாய்ப்புகள். ஆக 48. போய்ச் சேரும் இடத்தில் 1, 2 என்று இரண்டே உறுப்புகள். 1-க்குப் போகிறவை, அதாவது கெர்னல், அதில் பாதி. q உறுப்புகள் கொண்ட எந்தப் புலத்திலும் இதே கதைதான்: (q² − 1)(q² − q) என்ற எண்ணிக்கையை q − 1-ஆல் வகுக்க வேண்டும், q-ஆல் அல்ல.

அன்று மாலையே அலுவலகத்துக்குப் போனேன். உள்மதிப்பீட்டு மதிப்பெண்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டன, இனி மாற்ற முடியாது என்றார்கள். மறுநாள் வகுப்பில் விடை 24 என்றும், சரியாக எழுதியவளின் மதிப்பெண்ணை நான் குறைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். “பரவாயில்லை சார்” என்றாள். அதுவரை வகுப்பில் அதிகம் கேள்வி கேட்டவள் அவள்தான். அதற்குப் பிறகு அந்த ஆண்டு முழுவதும் அவள் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டு நான் பார்க்கவில்லை.

விடைக்குறிப்பு எழுதும்போது F₂-இல் ஒரு முறை போட்டுப் பார்த்திருந்தாலே போதும். அங்கே 16 அணிகள்தான். என் வழிப்படி அணிக்கோவை 1 உள்ளவை 8 இருக்க வேண்டும். பூச்சியமில்லாத நிரல் 3, அதிலிருந்து வேறான இரண்டாம் நிரல் 2. நேர்மாறு உள்ளவை மொத்தமே 6. அங்கே பூச்சியமல்லாத எண் 1 ஒன்றுதான் என்பதால், அந்த ஆறும் SL₂(F₂)-தான்.