படம் சொன்னதும் சொல்லாததும்

ஆஸ்பத்திரிகள் இக்காலத்தில் நோயாளியின் கையில் மருந்தோடு ஒரு பெரிய உறையையும் கொடுத்தனுப்புவதுண்டு. உறைக்குள் இருப்பது மருத்துவர் கண்ணுக்கென அமைந்த படம். ஆயினும் அதனை முதலில் பிரித்துப் பார்ப்பவர்கள் வீட்டாரே. எனது அயலில் வாழும் மூதாட்டி ஒருவரும், உயர்தர வகுப்பிற் பயிலும் அவருடைய பேத்தியும் அவ்வாறு ஒரு படத்தைப் பிரித்த கதையை, அவர்கள் சொல்லக் கேட்டவாறே இங்கு எழுதுகின்றேன்.

மூதாட்டிக்கு எழுபத்தாறு வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது தலையின் வலப்புறம் கட்டில் மோதியது. காயமில்லை, மயக்கமுமில்லை. ஆயினும், இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருந்தமையால் இரத்தம் உறையாதிருக்க அவர் வார்பரின் என்னும் மருந்தை நெடுநாளாக உட்கொண்டு வந்தார். ஆதலால் மருத்துவர் தலையை ஸ்கான் செய்வித்தார். “இப்போது அவசரம் ஒன்றுமில்லை, நாளை மறுநாள் கிளினிக்குக்குப் படத்தைக் கொண்டு வாருங்கள்” என்று வீட்டுக்கு அனுப்பினார்.

அன்று மாலை பேத்தி படத்தை யன்னலில் வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தாள். ஒரே தாளில் சிறு சிறு படங்கள் பல வரிசையாக இருந்தன. வெள்ளரிக்காயைக் குறுக்கே அரிந்து அடுக்கியது போல, தலையின் ஒவ்வொரு மட்டமும் ஒவ்வொரு படமாயிற்று. எலும்பு வெண்மை, மூளை சாம்பல் நிறம், நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு கருமை.

“என்ன பிள்ளை, என்ர மூளையில் ஓட்டையோ?” என்றார் மூதாட்டி.

பேத்திக்கு அக்கருமையைவிட வேறொன்று அச்சமூட்டியது. புதிய இரத்தம் ஸ்கானில் வெண்மையாகத் தெரியும் என்று அவள் எங்கோ வாசித்திருந்தாள். இப்படத்திலோ மூளையின் நடுவே சில வெண்புள்ளிகள் இருந்தன.

மூதாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “நான் அடிபட்டது ஒரு பக்கம். இந்தப் புள்ளி இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், ஒரே அளவாகவல்லவோ கிடக்குது? கோலத்துப் புள்ளி மாதிரி. இதைக் கேட்டு எழுது பிள்ளை” என்றார்.

அவ்வாறே கேள்விகள் ஒரு கொப்பியில் ஏறின. கிளினிக்கில் மருத்துவர் அவற்றிற்குப் பொறுமையாக விடையளித்தார். நடுவிலுள்ள கருமை, மூளையின் அறைகளில் எவருக்கும் இருக்கும் நீர். வெண்புள்ளிகள் வயதோடு படியும் சுண்ணம், தீங்கற்றவை. படத்தின் இடப்பக்கத்தில் ‘R’ என்ற எழுத்து இருப்பதன் காரணத்தையும் விளக்கினார். படுத்திருப்பவரைக் கால்மாட்டில் நின்று நோக்குவதுபோல் படம் அமைவதால், நோயாளியின் வலப்புறம் நம் இடக்கைப் பக்கம் வரும்.

பின்பு மூதாட்டி தாமாகவே ஒரு கேள்வி கேட்டார்: “டாக்குத்தர் ஐயா, இந்தப் படத்தில் நீங்கள் எதைத் தேடினீர்கள்? இது சொல்லாதது ஏதும் உண்டோ?”

“இரத்தக் கசிவைத் தேடினேன், அம்மா, இல்லை. ஆனால் படம் அன்றைய நிலையைத்தான் சொல்லும். முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால், அதன் மேலுறையோடு இணைக்கும் சிறு நாளங்கள் இழுபட்டு நிற்கும். சிறிய அடியிலும் அவை கிழிந்து, இரத்தம் வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சேரலாம். வார்பரின் எடுப்பவருக்கு அந்த அபாயம் கூடும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. தலையிடி கூடினாலோ, வழக்கமில்லாத தூக்கமோ தடுமாற்றமோ கண்டாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ அன்றே வாருங்கள்.”

பேத்தி அவற்றையும் எழுதிக்கொண்டாள்.

இருபத்து நான்காம் நாள் காலை, மூதாட்டியின் இடக்காற் செருப்பு நடக்கும்போது இரண்டு முறை கழன்றது. முதல் நாளும் அவர் பகலில் உறங்கியிருந்தார். “வயதுதானே, களைப்பாக்கும்” என்றனர் வீட்டார். பேத்தியோ கொப்பியை எடுத்துக்காட்டி, பழைய படத்தையும் எடுத்துக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றாள்.

புதிய படத்தில், ‘R’ எழுத்தின் பக்கமாக, எலும்பை ஒட்டிப் பிறை வடிவில் ஒரு கரிய பட்டை இருந்தது. பல நாட் பழகிய இரத்தம் வெண்மை இழந்து கருமையாகத் தெரியும். வலப்பக்க மூளை உடம்பின் இடப்பக்கத்தை ஆளுவதால் இடக்கால் தளர்ந்தது. பழைய படம் அருகிருந்தமையால், இப்பிறை பின்னர் தோன்றியதே என்பதில் ஐயமிருக்கவில்லை. வார்பரினின் வேகத்தை மருந்தால் மாற்றி, மண்டையோட்டிற் சிறு துளையிட்டு, தேங்கியதை வடித்தனர். சில நாட்களில் மூதாட்டி நடந்தே வீடு திரும்பினார்.

அக்கொப்பியின் அப்பக்கத்தை நான் வாங்கிப் பார்த்தேன். பேத்தியின் அழகிய கையெழுத்தில் நான்கு கேள்விகள் இருந்தன: எதைத் தேடினீர்கள்? கண்டது புதியதா, பழையதா? இப்படம் எதைச் சொல்லாது? எது கண்டால் உடனே திரும்பி வரவேண்டும்? நான்காவதன் கீழ் மாத்திரம் மை இரட்டைக் கோடாக ஓடியிருந்தது.