நகத்தடியில் ஒரு கருங்கோடு

பிரியாத உறவுக்கு உவமை தேடிய நம் முன்னோர், 'நகமும் சதையும் போல' என்றனர். அவ்விரண்டிற்கும் இடையே ஊசி நுழையவும் இடமில்லை. அத்தகைய இடத்தில், அடியும் படாமல், நசியவும் செய்யாமல், ஒருநாள் கரிய கோடொன்று தோன்றுமாயின் நாம் என்ன செய்கின்றோம்? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. வலியில்லாத ஒன்றை நோய் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் இல்லை.

அரியாலையில் நம் அயலிலே தோட்டக்காரர் ஒருவர் இருக்கின்றார், அறுபதைக் கடந்தவர். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்து வாழ்ந்த கை அவருடையது. சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில், படலையடியில் நின்று பேசிக்கொண்டிருக்கையில், அவருடைய வலக்கைப் பெருவிரல் நகம் நம் கண்ணிற் பட்டது. நகத்தின் அடியிலிருந்து நுனிவரை ஒரு கருங்கோடு நேராக ஓடியிருந்தது.

"எங்கேயாவது அடிபட்டதா அண்ணை?" என்று கேட்டோம்.

"இல்லைத் தம்பி. அடியுமில்லை, நோவுமில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னம் நூல் போல இருந்தது. இப்ப நெல்மணி அளவுக்கு அகன்றுவிட்டது. புகையிலைச் சாறு ஊறினதாக்கும்."

அவர் வீட்டார் வேறு விளக்கம் வைத்திருந்தனர். பாக்குவெட்டி என்றோ கடித்திருக்கும் என்றார் ஒருவர். சுண்ணாம்பு சுட்டிருக்கும் என்றார் இன்னொருவர். அவருடைய பேர்த்தியோ அதன்மேல் மருதோன்றி அரைத்து வைத்து மறைக்கலாம் என்றாள். ஒவ்வொன்றும் நம்பத்தக்கதாகவே இருந்தது. ஆயினும் புகையிலைக் கறை நகத்தின் மேற்புறத்திலே படிவது, சுரண்டினால் மங்கும், நகம் வளர வளர வெட்டுண்டு போய்விடும். மூன்று ஆண்டு நிலைத்து நின்றதோடு அகன்றும் வரும் ஒன்றைக் கறை என்று தள்ளிவிட இயலுமா? யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவுக்கு அவரை அழைத்துச் சென்றோம். அங்கே வைத்தியர் பொறுமையோடு விளக்கியவற்றையும், அதன்பின் நாம் படித்தறிந்தவற்றையும் இங்கே கூறுவது நம் வாசகர்க்குப் பயன்தரும்.

நகம் நுனியில் வளர்வதன்று. அதன் அடியிலே, தோலின் உள்ளே மறைந்து, நகவேர் என்னும் மெல்லிய பகுதி இருக்கின்றது. நகம் அங்கே உருவாகி முன்னோக்கித் தள்ளப்படுகின்றது. கைவிரல் நகம் மாதமொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நகரும். கால் நகம் 1 மில்லிமீற்றர் அளவே நகரும். நகவேரிலே, தோலுக்கு நிறந்தரும் மெலனின் என்ற பொருளை ஆக்கும் கலங்களும் உண்டு. அவை வழக்கமாக உறங்கிக் கிடக்கும். ஓரிடத்தில் அவை விழித்துச் சாயத்தைச் சொரியத் தொடங்கினால், நகரும் நகத்தில் அச்சாயம் கோடாக இழுபடும். எழுதுகோலை ஓரிடத்தில் அசையாது பிடித்து, அதன் கீழே தாளை இழுத்தால் கோடு விழுவது போன்றதே இது. கோட்டை நாம் காண்பது நகத்திலே. அதன் காரணம் இருப்பது நகவேரிலே.

இவ்வுண்மையை அறிந்தால், அடிபட்டுக் கண்டிய இரத்தத்தையும் இக்கோட்டையும் வேறுபடுத்தல் எளிதாகும். கண்டிய இரத்தம் நகத்தோடு சேர்ந்து நுனியை நோக்கி நகரும். சில வாரங்களில் அதற்கும் அடித்தோலுக்கும் இடையே தெளிந்த நகம் தென்படும். கருமையின் பின்விளிம்பு நிற்கும் இடத்தில், நகத்தின் மேல் மெல்லிய கீறலொன்று இட்டு வைத்து, ஒரு மாதங் கழித்துப் பார்க்கலாம். கீறலும் கருமையும் ஒன்றாக முன்னே சென்றிருந்தால் அது பெரும்பாலும் இரத்தம். கீறல் மட்டும் முன்னே சென்று, கருமை அடித்தோலை விட்டு அகலாமல் நின்றால், அது நகவேரிலிருந்து புதிதாக ஊறிக்கொண்டே இருக்கின்றது என்பது பொருள். அப்பொழுது மேலும் காத்திராது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

இங்கே வாசகர் அஞ்சவேண்டா. நம்மைப் போன்ற கருநிற மக்களின் நகங்களில் இத்தகைய கோடுகள் இயல்பாகவே தோன்றுவதுண்டு. வயது ஏற ஏற அவை கூடுவதும் உண்டு. அவை பெரும்பாலும் பல விரல்களிலே காணப்படும், மெல்லியனவாய், ஒரே நிறத்தினவாய், ஓரங்கள் நேரானவாய் இருக்கும், ஆண்டுக்கணக்கில் மாறாதிருக்கும். கர்ப்ப காலத்திலும், சில மருந்துகளை உண்ணும்போதும், பீ12 உயிர்ச்சத்துக் குறைந்தபோதும் நகங்கள் இவ்வாறு கறுப்பதுண்டு. சிறு பிள்ளைகளின் நகத்தில் தோன்றும் கோடு அநேகமாக மச்சம் போன்ற தீங்கற்ற ஒன்றே. எனினும் அதையும் வைத்தியர் ஒருமுறை பார்த்து வைப்பது நன்று.

ஐயத்திற்குரியது வேறு வகையானது. நடுவயதைக் கடந்த ஒருவருக்கு, ஒரே ஒரு விரலில், அதிலும் கைப்பெருவிரலிலோ காற்பெருவிரலிலோ புதிதாகத் தோன்றும் கோடு அது. அகலம் 3 மில்லிமீற்றரை எட்டியிருக்கும்; ஒரு பக்கம் கபிலமும் மறுபக்கம் கறுப்புமாக நிறம் கலந்திருக்கும்; ஓரம் கலங்கியிருக்கும். அடியில் அகன்றும் நுனியில் ஒடுங்கியும் இருந்தால் அது இன்னும் பொருள் பொதிந்தது. நுனியிலிருப்பது சில மாதங்களுக்கு முன் உண்டானது. அடியிலிருப்பது இன்று உண்டாவது. ஆகவே அந்த வடிவமே, சாயம் ஊறும் இடம் பெருகிவருகின்றது என்று சொல்லாமற் சொல்லுகின்றது. யாவற்றினும் மேலாக, அக்கருமை நகத்தைக் கடந்து அடித்தோலிலோ பக்கத்துத் தோலிலோ பரவியிருத்தல் பெரிய எச்சரிக்கை. இலண்டன் மாநகரில் வாழ்ந்த அறுவை வைத்தியர் யோனதன் ஹச்சின்சன் இதனை 1886இல் எடுத்துரைத்தார். இன்றும் இவ்வடையாளம் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எனினும் இதுவும் முடிந்த தீர்ப்பன்று. மெல்லிய அடித்தோலினூடே உள்ளிருக்கும் கருமை நிழலாடுவதும் உண்டு.

இவ்வடையாளங்கள் சுட்டும் நோய் மெலனோமா என்னும் புற்றுநோய். சாயம் ஆக்கும் கலங்களே கட்டுக்கடங்காது பெருகுவதால் விளைவது அது. வெள்ளையர்க்கு இது வெயில்படும் தோலிலே மிகுதியாக வரும். கருநிறத்தார்க்கு இந்நோய் வருவது அரிது; வந்தாலோ உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய மறைவிடங்களையே பெரிதும் நாடும். நம் நிறம் நமக்குக் காப்பு என்று இருந்துவிடுவதால் இது பிந்தியே கண்டுபிடிக்கப்படுகின்றது.

இதற்கு உலகறிந்த சான்று யமேக்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லி. அவர் பாட்டில் மட்டுமன்றி உதைபந்தாட்டத்திலும் பெருவிருப்புக் கொண்டவர். அவருடைய வலக்காற் பெருவிரல் பந்தாட்டத்தில் அடிபட்டதுண்டு. ஆகவே அந்நகத்தின் கேட்டுக்கு ஆட்டத்தையே காரணமாகக் கொள்வது இயல்பாயிருந்தது. 1977இல் ஆராய்ந்தபோது நகத்தடியில் இருந்தது மெலனோமா என்று தெரிந்தது. விரலை அகற்றிவிடுமாறு கூறப்பட்டபோது அவர் இசையவில்லை. தம் சமய நம்பிக்கை அதற்கு இடந்தரவில்லை என்பர். நகத்தையும் அதன் அடியையும் மட்டும் நீக்கி, வேறிடத்துத் தோலை ஒட்டினர். 1980 செப்டெம்பரில் நியூயோர்க் பூங்காவொன்றில் ஓடுகையில் மயங்கி விழுந்தார். நோய் மூளைவரை பரவியிருந்தது. 1981 மே 11ஆம் நாள், 36 வயதிலேயே உயிர் நீத்தார்.

பந்தடி இந்நோயை உண்டாக்கிற்று என்று கொள்வது பொருந்தாது. ஆனால் அடிபட்ட நினைவு, உண்மையான காரணத்தைத் தேடவிடாது கண்ணை மறைக்கவல்லது. மாலைதோறும் வெறுங்காலோடு பந்துதைக்கும் நம்மூர் இளைஞர்க்கு இது நன்கு விளங்கும். அடிபட்டதாலேயே கறுத்தது என்று எண்ணிய நகமும், சில மாதங்களில் தெளிந்து வராவிடின், ஆராயத்தக்கதே.

நம் அயலவர் கதைக்கு வருவோம். வைத்தியர் முதலில் இருபது விரல்களையும் பார்த்தார்; மற்றெதிலும் கோடில்லை. பின்னர் ஒளியுடன் கூடிய உருப்பெருக்கிக் கண்ணாடியொன்றை நகத்தின்மேல் வைத்து நோக்கினார். ஒரு கோடாக நமக்குத் தோன்றியது அதிலே பல மெல்லிய கோடுகளாய், ஒன்றுக்கொன்று இடைவெளியும் நிறமும் ஒவ்வாதனவாய்த் தெரிந்ததாம். கண்ணாற் பார்த்து ஐயுறலாமே யன்றி முடிவு கூறலாகாது. சதைத் துணுக்கைச் சோதித்தல் வேண்டும் என்றார்.

"நகத்தை வெட்டித் தந்தால் போதாதோ ஐயா?" என்று பெரியவர் கேட்டார்.

போதாது. நகத்தில் இருப்பது சாயம். நோய் இருக்குமிடம் நகவேர். விரலின் அடியில் ஊசி போட்டு மரக்கச் செய்து, நகத்தின் ஒரு பகுதியை உயர்த்தி, கோடு தொடங்கும் இடத்திலிருந்தே துணுக்கெடுத்தார்கள். இதனால் பின்னர் நகம் பிளவுபட்டோ மேடுபட்டோ வளரக்கூடும். அதனை முன்னதாகவே கூறினார்கள். சோதனை முடிவு வந்தபோது நோய் இருந்தது உண்மை. ஆனால் அது மேற்படையை விட்டு உள்ளிறங்கவில்லை. இந்நோயில் யாவும் ஆழத்தைப் பொறுத்தே உள்ளன. மேற்படையில் நிற்குமாயின், நகத்தையும் நகவேரையும் சுற்றியுள்ள தோலோடு முழுமையாக நீக்கி, வேறிடத்துத் தோலை ஒட்டிவிரலைக் காக்கலாம். ஆழமாக இறங்கிவிட்டால் விரலின் நுனிக்கணுவையே எடுக்க நேரலாம். நிணநீர்க் கணுக்களில் பரவியதா என்றும் தேடவேண்டும்.

நகத்தாற் கிள்ளுவதற்குக் கோடரி எதற்கு என்பது நம் பழமொழி. கிள்ளும் காலம் கடந்துவிட்டால் கோடரிதான் வேண்டும் என்பதை அது கூறாமற் கூறுகின்றது. பெரியவர் நகமில்லாத பெருவிரலோடு இன்றும் மண்வெட்டி பிடிக்கின்றார். குறித்த தவணைகளில் வைத்தியரிடம் சென்று வருகின்றார்.

இல்லத்தரசியர்க்கும் மாணவர்க்கும் நாம் சொல்வது சிறிதே. மாதத்தில் ஒருநாள், நகப்பூச்சையும் மருதோன்றியையும் நீக்கிய பின், நல்ல பகல் வெளிச்சத்தில் கைகால் நகங்களை நோக்குக. முதியோரின் கால் நகங்களை வெட்டிவிடும் பிள்ளைகள் அவற்றையும் பார்த்து வைப்பது நலம். கோடொன்று கண்டால் நாணயமொன்றை அருகில் வைத்து ஒளிப்படம் எடுத்து நாளைக் குறித்துக்கொள்ளலாம். மாற்றம் உண்டா என்பதை வைத்தியர் அறிய அது உதவும். ஒற்றை விரலில், புதிதாய், அகன்று வருவதாய் இருந்தாலோ, படம் எடுத்துக்கொண்டு காத்திராமல் அந்த வாரமே போதல் வேண்டும்.