கறுப்பு வேட்டி தெரிந்தது, ஈரத் துண்டு தெரியவில்லை!

தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கேரளா போகிற சாலையை ஒட்டித்தான் எங்கள் வீடு. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் ஆரியங்காவை நோக்கி இரவெல்லாம் நடந்து போவார்கள். ஆனி, ஆடியில் குற்றாலக் கூட்டம். அம்மாவும் விடிவதற்கு முன்பே பால் வாங்க அதே சாலை ஓரத்தில்தான் நடக்கிறாள். அதனால் அத்தான் வாங்கிய பழைய சொகுசு காரில் ‘நைட் விஷன்’ இருக்கிறது என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது.

இது வெளிச்சத்தைப் பார்க்கும் கேமரா அல்ல, வெப்பத்தைப் பார்ப்பது. நம் உடம்பிலிருந்து எப்போதும் வெப்பக் கதிர் வந்துகொண்டே இருக்கிறது. அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. அதனால்தான் கேமராவை முன் கண்ணாடிக்குப் பின்னால் வைக்காமல், வண்டியின் முகப்பு கிரில்லில் வைத்திருக்கிறார்கள். திரையில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடும். சூடானது வெள்ளை, குளிர்ந்தது கறுப்பு. மனித உருவம் என்று கம்ப்யூட்டர் கண்டுகொண்டால் அதைச் சுற்றி மஞ்சள் அடையாளம் விழும். மோதும் அபாயம் இருந்தால் அது சிவப்பாகும். இப்படி ஆளைக் கண்டு எச்சரிக்கும் வசதியை 2004-லேயே ஜப்பானில் ஹோண்டா லெஜண்ட் காரில் கொண்டுவந்துவிட்டார்கள்.

மார்கழியில் ஓர் இரவு அத்தானோடு போனபோது அதன் அருமை தெரிந்தது. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூசியது. சாலை ஓரம் வெறும் இருட்டு. திரையிலோ வரிசையாக வெள்ளை உருவங்கள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் அடையாளம். கறுப்பு வேட்டி கட்டிய சாமிமார்கள்! ஹெட்லைட்டுக்குக் கறுப்புத் துணி எதிரி. வெப்பக் கேமராவுக்கோ துணியின் நிறம் ஒரு பொருட்டே இல்லை. எதிர் வண்டியின் வெளிச்சமும் அதை மறைக்காது.

அதே கார், அதே சாலை, சித்திரை மாத இரவு எட்டு மணி. திரை மொத்தமும் வெளுத்துக் கிடந்தது. பகலெல்லாம் காய்ந்த தாரும் பாலத்துச் சுவரும் இன்னும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருந்தன. நம் தோலின் சூடு 33 டிகிரி அளவுதான். சாலையும் அதே சூட்டில் இருந்தால் ஆளைப் பிரித்துக் காட்ட என்ன இருக்கிறது? ஓரமாகப் போன பெரியவரைக் கண்ணால் பார்த்தோம். அடையாளம் விழவே இல்லை. கையேட்டைப் புரட்டினால், வெளி வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினால் ஆளைக் குறிப்பது நின்றுவிடும் என்று போட்டிருக்கிறது. நம் ஊர்க் கோடையில் முன்னிரவு முழுக்க அப்படித்தானே!

“அப்போ படம் ஓடுதே அத்தான்?” என்றேன்.

“படம் ஓடும்லே, காவல் இருக்காது. ஓரத்துல அந்த ஆள் சின்னம் எரியுதான்னு பாத்துக்கிடணும்” என்றார்.

சாரல் காலத்தில் குளிர்ச்சி இருக்கிறதே, நன்றாகத் தெரியுமே என்று நினைப்போம். அங்கே வேறு சிக்கல். அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டைப் போர்த்தி நடப்பவரின் மேல்பக்கம், சுற்றியுள்ள மழைக்காற்றின் குளிருக்கே வந்துவிடுகிறது. ஐந்தருவி சாலையில் மெதுவாகப் போனபோது முகமும் முழங்காலுக்குக் கீழேயும் மட்டும் வெள்ளையாக மிதந்தன, நடுவில் ஒன்றுமில்லை. குடை பிடித்தவருக்குத் தலையும் காணோம். முழு மனித வடிவம் கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் அடையாளம் போடாது. குந்தி உட்கார்ந்தவர், படுத்திருப்பவர் கதையும் இதுவே. கேமராவின் மேல் தண்ணீர்ப் படலம் படிந்தால் படமே மங்கிவிடும். புளியரை மலைப்பாதையின் வளைவுகளிலோ கேமரா நேராகத்தான் பார்க்கும். திருப்பத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அதன் பார்வைக்கே வரமாட்டார்.

எல்லாம் சரியாக வேலை செய்தாலும் ஒரு கணக்கு இருக்கிறது. அடையாளம் சுமார் 90 மீட்டரில் விழுகிறது என்று வையுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. நாம் சுதாரித்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி, அதில் 33 மீட்டர் போயிற்று. நனைந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 55 மீட்டர் ஆகலாம். மொத்தம் 88. மயிரிழையில் தப்பு! அதுவே 60-ல் போனால் 56 மீட்டரில் நின்றுவிடலாம். சாரலில் அத்தான் 60-ஐத் தாண்டுவதில்லை. சித்திரையில் திரையை அணைத்தே வைக்கிறார். வெளுத்த படம் கவனத்தைத்தான் கெடுக்கிறதாம்.

அம்மாவின் பால் பைக்கு ஒளிரும் பட்டை ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பட்டை வெப்பக் கேமராவுக்குத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் எங்கள் சாலையில் ஓடும் லாரிக்கும் பால் வண்டிக்கும் ஹெட்லைட்தானே கண்!