ஒரே ஒரு மருமகன்

பலெர்மோவில் 17 வருடம் வீட்டுவேலை செய்துவிட்டுச் சாவகச்சேரிக்குத் திரும்பியவன் நான். ஊரில் இத்தாலியன் எழுத்து வேலை என்றால் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குப் பெருமை. அந்தப் பெருமையில்தான் ஒரு பெடியனின் பயணத்தைக் கெடுத்தேன்.

பலெர்மோவில் இருக்கும் தாய்மாமன் தன் மகளின் சாமத்தியச் சடங்குக்கு அவனைக் கூப்பிட்டார். அவருக்கு இத்தாலியன் பேச வரும், எழுத வராது. அழைப்புக் கடிதத்தை நான் எழுதி அனுப்பினால், அங்கே கையெழுத்து வைப்பார்.

அந்தக் கடிதத்தில் அழைப்பவரின் பிறந்த தேதி, விலாசம், வதிவிட அனுமதி இலக்கம், வருபவரின் பாஸ்போர்ட் விபரம், தங்கும் நாட்கள், உறவுமுறை எல்லாம் வேண்டும். வந்து 48 மணித்தியாலத்துக்குள் பொலிசுக்கு அறிவிப்பேன் என்ற உறுதியும், பொய் சொன்னால் தண்டனை உண்டென்று தெரியும் என்ற வரியும் அதில் இருக்கும்.

புதிதாக எழுதப் பஞ்சி. முன்பு ஒருவர் தன் மகளின் புருஷனைக் கூப்பிட்ட கடிதம் கணினியில் கிடந்தது. பெயர்களையும் தேதிகளையும் மாற்றினேன். உறவைச் சொல்லும் சொல்லை மாற்றவில்லை. ‘ஜேனெரோ’ என்றே கிடந்தது.

பெடியன் விறாந்தையில் நின்றபடி போனில் அந்தச் சொல்லைத் தேடினான். "மருமகன் எண்டு வருது ஐயா. ஆனா எந்த மருமகன்?" என்று கேட்டான்.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நமக்கு அக்கா மகனும் மருமகன், மகளைக் கட்டியவனும் மருமகன். இத்தாலியனில் அக்கா மகன் ‘நிப்போத்தே’. மகளைக் கட்டியவன்தான் ‘ஜேனெரோ’. இது எனக்குத் தெரியும். ஆனால் கடிதத்தைத் திரும்பப் பார்க்கவில்லை. "எனக்கே இத்தாலியன் படிப்பிக்கிறியோ?" என்று கேட்டேன். அவன் வாயை மூடிக்கொண்டான்.

மாமன் நம்பிக் கையெழுத்து வைத்தார். கொழும்பில் விசா விண்ணப்பத்தின்போது அவனிடம், "மாமாவின்ர மகளைக் கட்டியிருக்கிறீரோ?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றான். கட்டியிருக்கிறான் என்றது கடிதம். மாமனுக்கு ஒரேயொரு மகள். அவளுக்கு 12 வயது.

மறுப்புத் தாளில் ஒரு பெட்டியில் அடையாளம் இட்டிருந்தது: பயண நோக்கம் பற்றிய தகவல் நம்பத்தக்கதல்ல. கட்டிய 90 யூரோ திரும்பாது. மறுத்த பதிவு ஐரோப்பிய விசாக் கணினியில் 5 வருடம் கிடக்கும். வங்கியில் காட்டும் காசுக்காகத் தாய் தன் சங்கிலியை அடகு வைத்திருந்தார். பொய்யென்று தெரியாமலே கையெழுத்திட்ட மாமன், தன் வதிவிட அனுமதிக்கு என்ன வருமோ என்று பயந்தார்.

தாளை வாசித்ததுமே பிழை எங்கே என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும், "விசாக்காரர் அப்பிடித்தான் தம்பி" என்றேன். முதல் பிழை கவனக்குறைவு. இது பொய்.

சடங்கு முடிந்துவிட்டது. அதற்காகத் தாய் எடுத்து வைத்த சீலை அலுமாரியில் இருக்கிறது. அந்த வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. இதை வாசித்துத்தான் அவர்களுக்கு உண்மை தெரியப்போகிறது.